புது யோகா பேட்ச் அறிவிப்பு: "அனைவருக்கும் ஏற்றது" என்று போடலாமா?

வரிபிடிப்பவன்

எங்கள் யோகா ஆசிரியை அடுத்த மாதம் புது பேட்ச் தொடங்குகிறார். அறிவிப்பை எழுதித் தரும் வேலை வழக்கம்போல என் தலையில். போன பேட்சுக்குப் போட்டதையே கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள் என்றார். அது இது:

"புதிய பேட்ச் ஆரம்பம்! வாழ்க்கையை மாற்றும் 30 நாள் யோகா பயிற்சி. காலை 6 முதல் 7 வரை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, தைராய்டு, தூக்கமின்மை அனைத்தும் நீங்கும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் என அனைவருக்கும் ஏற்றது. பக்க விளைவுகள் அறவே இல்லை. வெறும் வயிற்றில் வரவும். உடல்நலப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரை அணுகவும்."

படித்தால் எனக்கே உறுத்துகிறது. ஆனால் எங்கே கை வைப்பது என்று புரியவில்லை. எச்சரிக்கையாக நான்கு வரி சேர்த்தால் ஆள் வராது என்பது ஆசிரியையின் கவலை. அவர் நல்ல ஆசிரியை, அதில் சந்தேகமே இல்லை. அறிவிப்பு மட்டும்தான் இப்படி. யாராவது எழுதிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

நிதானமூச்சு

பல வருடமாக வகுப்பு எடுக்கிறேன், அதனால் சொல்கிறேன். சொற்களை இப்போதைக்கு விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன நடக்கிறது என்று ஆசிரியையிடம் வரிசையாகக் கேட்டு இங்கே போடுங்கள். முதல் வாரம் என்ன, மூன்றாவது வாரம் என்ன, தலை கீழே போகும் நிலைகள் உண்டா, கபாலபாதி உண்டா, மூச்சை அடக்கச் சொல்வாரா. அது தெரிந்தால்தான் யாருக்கு ஏற்றது, யாருக்கு இல்லை என்று எழுத முடியும்.

அதுவரை ஒன்றே ஒன்று. "சர்க்கரை நீங்கும்" என்ற வரியும் "வெறும் வயிற்றில் வரவும்" என்ற வரியும் ஒரே தாளில் இருக்கின்றன பாருங்கள். முதல் வரியைப் பார்த்துச் சர்க்கரை நோயாளி வருவார். இரண்டாவது வரியைப் பார்த்து, இன்சுலினைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் வருவார். அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, அப்புறம் குழப்பம். இதில் மோசமான இடம் சவாசனம். எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது ஒருவர் மட்டும் அசையாமல் வியர்த்துக் கிடந்தால் "நல்ல தளர்வு, தொந்தரவு செய்ய வேண்டாம்" என்றுதான் நமக்குத் தோன்றும். என் வகுப்பில் சவாசனத்தின்போது நான் உட்காருவதில்லை. சுற்றி நடந்து நெற்றியைப் பார்ப்பேன்.

விடியல்நடை

இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. "பிரஷர், சுகர், இதய நோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரே வரியில் போட்டுவிடுங்கள். பிரஷர் இருப்பவர்கள் பிராணாயாமமே செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே சொன்னார். வம்பே வேண்டாம்.

நிதானமூச்சு

விடியல்நடை, பாதி சரி. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு வேண்டாதவை கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சும், மூச்சை உள்ளே பிடித்து வைக்கும் கும்பகமும். மெதுவாக இழுத்து மெதுவாக விடுவதற்குப் பொதுவாக அந்தத் தடை கிடையாது. அதை எங்கள் வகுப்பில் பிரஷர் மாத்திரை போடுபவர்களும் செய்கிறார்கள். மொத்தமாகப் பிராணாயாமம் என்று தடுத்தால் அவர்களால் செய்ய முடிந்ததையும் பறித்துவிடுகிறீர்கள்.

இன்னொன்று, "அனுமதி இல்லை" என்று போட்டால் அவர்கள் வராமல் இருக்கமாட்டார்கள். வருவார்கள், சொல்லமாட்டார்கள். யாருக்கு என்ன என்று தெரியாமல் வகுப்பு எடுப்பது இருப்பதிலேயே ஆபத்தானது.

தைலக்குப்பி

வணக்கம். மாலை பேட்ச் உண்டா? எனக்குத் தைராய்டு, மாத்திரை எடுத்துக்கொண்டு இருக்கிறேன். 30 நாள் முடிந்தால் நீங்கும் என்று போட்டிருக்கிறீர்களே, எத்தனையாவது நாளில் மாத்திரையை நிறுத்தலாம்? சேர்வதற்கு எங்கே பெயர் கொடுக்க வேண்டும்?

வரிபிடிப்பவன்

தைலக்குப்பி, இது சேர்க்கை இழை இல்லைங்க. அந்த அறிவிப்பைத் திருத்தத்தான் இங்கே போட்டேன். தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் மருத்துவர் சொல்லாமல் அளவைக்கூட மாற்றாதீர்கள்.

(மற்றவர்களுக்கு: நான் தேடிக்கொண்டிருந்த உறுத்தல் இதுதான் போலிருக்கிறது.)

நிதானமூச்சு

ஆமாம். "நீங்கும்" என்று எழுதினால் படிப்பவர் அடுத்துக் கேட்கும் கேள்வி "எப்போது நிறுத்தலாம்" என்பதுதான். அவர் மேல் குற்றமே இல்லை. நோய்ப் பெயர்கள் இருக்கும் அந்த வரியை முழுசாக எடுத்துவிடுங்கள். "குறையும்", "கட்டுப்படும்" என்று மழுப்பி வைத்தாலும் இதே கேள்வி வரும்.

முழங்காலம்மா

நான் ஆசிரியை இல்லை, சேர்ந்துவிட்டு ஓடி வந்தவள். எனக்கு வயது 63. "எல்லா வயதினருக்கும்" என்று போட்டிருந்ததை நம்பி ஓர் இடத்தில் சேர்ந்தேன். முதல் நாளே வஜ்ராசனத்தில் உட்காரச் சொன்னார்கள். என் வலது முழங்கால் அவ்வளவு மடங்காது. பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள், நான் மட்டும் கையை ஊன்றிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அன்பாகத்தான் "பழகப் பழக வரும் அம்மா" என்றார். வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். மறுநாள் போகவில்லை, கட்டின பணமும் போயிற்று.

எனக்கு நோய்ப் பட்டியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. "தரையில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். நாற்காலியில் செய்யும் வழி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேர்ந்திருப்பேன்.

வரிபிடிப்பவன்

அம்மா, இது பெரிய உதவி. "முதியோர்" என்று எழுதும்போது நான் யாரை நினைத்து எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆசிரியையிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். வாசல் 5.50க்குத் திறக்கும். 6 மணிக்கு உடலைத் தளர்த்தும் அசைவுகள். 6.10க்கு சூரிய நமஸ்காரம், முதல் வாரம் 4 சுற்று, மூன்றாவது வாரத்திலிருந்து 12 சுற்று, வேகமும் கூடும். அப்புறம் நின்று, உட்கார்ந்து, குப்புறப் படுத்துச் செய்யும் ஆசனங்கள். மூன்றாவது வாரம் சர்வாங்காசனம் வரும். 6.45க்கு கபாலபாதி, நாடி சுத்தி. 6.55க்கு சவாசனம். முடியும்போது 7.10 ஆகிவிடும். ஞாயிறு விடுமுறை. சிரசாசனம் கிடையாது, கும்பகமும் கிடையாது.

கர்ப்பிணிகளைப் பற்றிக் கேட்டேன். "இதுவரை யாரும் வந்ததில்லை, சும்மா போட்டது" என்றார்.

எலும்புக்கூடு

பிசியோதெரபி பக்கம் இருப்பவன். அந்தச் "சும்மா போட்டது" என்பதை முதலில் எடுங்கள். கபாலபாதி, குப்புறப் படுப்பது, வயிற்றை அழுத்தும் முறுக்கல் எல்லாம் உள்ள வகுப்பு கர்ப்பிணிகளுக்கானது இல்லை. அவர்களுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவர் எடுக்கும் வகுப்பே வேறு மாதிரி இருக்கும். "இந்தப் பேட்சில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை" என்று நேராக எழுதலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எலும்பின் அடர்த்தி குறைந்து எலும்புத் தேய்வு என்று மருத்துவர் சொன்னவர்கள் முதுகைக் கூனாக வளைத்துக் குனியும் ஆசனங்களில் கவனமாக இருக்க வேண்டும். பஸ்சிமோத்தானாசனத்தில் கால் விரலைத் தொட்டே ஆக வேண்டும் என்று இழுக்கும்போது முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கலாம். அப்படி நசுங்கினால் சில பேருக்கு வலிகூடப் பெரிதாக இருக்காது, உயரம் குறைந்த பிறகுதான் தெரியும். வட்டு விலகிக் காலில் வலி இறங்குபவர்களுக்கும் இதே குனிதல்தான் பெரும்பாலும் தொந்தரவு.

நிதானமூச்சு

சிரசாசனம் கிடையாது என்பதால் கண் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கிளாக்கோமா இருப்பவர்களுக்குத் தலை இதயத்துக்குக் கீழே போனால் கண்ணழுத்தம் ஏறும். சிரசாசனத்தில் அது ஏறத்தாழ இரண்டு மடங்காவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். சர்வாங்காசனம் மட்டுமில்லை, சூரிய நமஸ்காரத்தில் இடுப்பைத் தூக்கி மலைபோல நிற்கும் நிலையிலும், குனிந்து பாதம் தொடும் நிலையிலும் ஏறும். உங்கள் வகுப்பில் அது முதல் நாளே 6.10க்கு வருகிறது. நலமான கண்ணுக்கு இதனால் ஒன்றும் இல்லை, நிமிர்ந்ததும் இறங்கிவிடும். ஏற்கெனவே நரம்பு பாதித்த கண்ணுக்குத்தான் வேண்டாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? "ஏதாவது நோய் உண்டா" என்று படிவத்தில் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள். மாத்திரை போட்டு பிரஷர் சரியாக இருந்தால் அவர்களைப் பொறுத்தவரை அது நோயே இல்லை. "தினமும் என்ன மாத்திரை, ஊசி, சொட்டு மருந்து?" என்று கேளுங்கள், கொட்டிவிடுவார்கள். சொட்டு மருந்து என்று எழுதியவரிடம் "கண்ணுக்கா, எதற்காக?" என்று ஒரு கேள்வி. கிளாக்கோமா எல்லாம் அப்படித்தான் என் வகுப்பில் வெளியே வந்தது. கூடவே "எழுந்து நிற்கும்போது தலை சுற்றுமா", "கடைசியாக அறுவை சிகிச்சை எப்போது", "தரையிலிருந்து உதவி இல்லாமல் எழ முடியுமா". இவ்வளவு போதும்.

விடியல்நடை

அப்படியென்றால் எச்சரிக்கை எல்லாம் படிவத்தில் இருக்கட்டுமே? அறிவிப்பில் எதற்கு? ஆசிரியை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதி அறிவிப்பு வியாதிப் பட்டியலாக இருந்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும்.

நிதானமூச்சு

படிவம் பணம் கட்டிய பிறகு வருகிறது. அதற்குள் மனது சேர்ந்துவிடும், பிறகு யாரும் பின்வாங்கமாட்டார்கள். சேரலாமா வேண்டாமா என்பதை மாற்றக்கூடியது எதுவோ அது அறிவிப்பில். வகுப்பில் எப்படிச் செய்வது என்பதை மாற்றுவது படிவத்தில். கர்ப்பம், இன்சுலின், கிளாக்கோமா, தரையில் உட்கார முடியாதது, இந்த நான்கும் வெளியே. கழுத்து வலி, பழைய தசைப்பிடிப்பு எல்லாம் உள்ளே.

எலும்புக்கூடு

எலும்புத் தேய்வையும் வெளியே வைக்க வேண்டும் என்பேன். நிதானமூச்சு ஒத்துக்கொள்ளமாட்டார் போல.

நிதானமூச்சு

குனிதலை மாற்றிக் கொடுத்து அவர்களை வைத்துக்கொள்ள முடியும், அதனால் படிவம் போதும் என்கிறேன். ஆனால் 20 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு ஆளைத் தனியாகக் கவனிக்க முடியுமா என்பது ஆசிரியையைப் பொறுத்தது. அதை அவரே முடிவு செய்யட்டும்.

"மருத்துவரை அணுகவும்" என்ற வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அணுகுவார்கள். "யோகா செய்யலாமா டாக்டர்?" என்பார்கள். அவர் மனதில் மெதுவாகக் கை கால் நீட்டுவது வரும், "தாராளமாகச் செய்யுங்க" என்பார். உங்கள் வகுப்பில் தலைகீழும் கபாலபாதியும் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே போய்க் காட்டுவதற்கு வகுப்பில் என்ன இருக்கிறது என்ற வரியையும் கொடுங்கள்.

வரிபிடிப்பவன்

சரி, முதல் முயற்சி. குறை சொல்லுங்கள்.

"தொடக்க நிலை யோகா வகுப்பு. திங்கள் முதல் சனி வரை, மொத்தம் 26 வகுப்புகள், ஞாயிறு விடுமுறை.

வாசல் 5.50க்குத் திறக்கும். 6.00க்குத் தொடங்கி 7.10க்கு முடியும். கடைசி 15 நிமிடம் சவாசனம். 7 மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டியவர்களுக்கு இந்த நேரம் ஒத்துவராது. 6.10க்குப் பிறகு வருபவர்கள் அன்றைக்குச் சூரிய நமஸ்காரத்தில் சேர முடியாது.

வகுப்பில் இருப்பவை: சூரிய நமஸ்காரம் (4 சுற்றில் தொடங்கி மூன்றாவது வாரம் 12 சுற்று), முன்னால் குனியும், குப்புறப் படுக்கும் ஆசனங்கள், கபாலபாதி, நாடி சுத்தி, மூன்றாவது வாரத்தில் சர்வாங்காசனம். தரையில் பலமுறை உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும். முடியாதவர்களுக்கு நாற்காலி வைத்துச் சொல்லித்தர முடியும், 4 பேர் வரைக்கும். சேரும் முன் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பிணிகளை இந்தப் பேட்சில் சேர்ப்பதில்லை. கிளாக்கோமா உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மேலே உள்ள 'வகுப்பில் இருப்பவை' பத்தியை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சர்க்கரைக்கு மருந்து எடுக்காதவர்கள் வெறும் வயிற்றில் வரலாம். இன்சுலின் அல்லது சர்க்கரைக்கான மாத்திரை எடுப்பவர்கள் அப்படி வர வேண்டாம். எதைச் சாப்பிட்டு, எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இந்த வகுப்பை நம்பி எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம்."

நிதானமூச்சு

நன்றாக வந்திருக்கிறது. மூன்று இடம் சொல்கிறேன்.

"30 நாள்" போய் "26 வகுப்புகள்" வந்தது நல்லது. ஆனால் எண்ணிப் போடுங்கள். 30 நாளில் ஞாயிறு நான்கா ஐந்தா என்பது தொடங்கும் கிழமையைப் பொறுத்தது, ஐந்து வந்தால் 25தான். நடுவில் பண்டிகை விடுமுறை வந்தால் என்ன என்பதையும் சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரை எல்லாமே ஒரே மாதிரி இறக்குவதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆனால் எது எந்த மாத்திரை என்று அறிவிப்பில் பிரிக்கப் போகாதீர்கள், நீங்கள் எழுதியபடி மொத்தமாக மருத்துவரிடம் அனுப்புவதே மேல்.

மூன்றாவது, 26 வகுப்பு முடிந்தால் என்ன கிடைக்கும் என்று ஒன்றுமே இல்லையே! நோயைத் தூக்கினோம், பலனையும் சேர்த்துத் தூக்கிவிட்டீர்கள். ஆசிரியை கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். "12 சுற்றுச் சூரிய நமஸ்காரத்தைத் தனியாக, வரிசை மாறாமல் செய்யப் பழகலாம்" என்பது உண்மை, யாரும் வந்து சரிபார்க்கலாம்.

விடியல்நடை

நீளம் அதிகம். போனில் யாரும் இவ்வளவு படிக்கமாட்டார்கள். இதில் நான் மாறவில்லை.

முழங்காலம்மா

நான் படிப்பேன் தம்பி. பணம் கட்டப் போகிறவர்கள் படிப்பார்கள்.

வரிபிடிப்பவன்

ஆசிரியையிடம் காட்டினேன். 7.10 என்று இருப்பதைப் பார்த்துத்தான் முதலில் முகம் சுளித்தார். "7 என்றே போடுங்கள், நான் முடித்துவிடுகிறேன்" என்றார். எதைக் குறைப்பீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு "சவாசனத்தைத்தான்" என்றார், அப்புறம் அவரே 7.10 இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கர்ப்பிணிகள் வரிக்கும் இன்சுலின் வரிக்கும் மறுப்பே இல்லை. "பக்க விளைவுகள் இல்லை" போனதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. "ரத்த அழுத்தம்" என்ற சொல்லைப் பார்த்தால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்கிறார், "கட்டுக்குள் இல்லாதவர்கள்" என்பதைத் தடித்த எழுத்தில் போடுவதாகச் சமாதானம் செய்திருக்கிறேன். எலும்புத் தேய்வைப் படிவத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லையாம், அதையும் அறிவிப்பில் போடுகிறேன்.

மாதவிடாய் நாட்களைப் பற்றி ஒரு வரி வேண்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். என்ன சொல்வது?

எலும்புக்கூடு

தலைகீழ் ஆசனம் வேண்டாம் என்பது மரபாக வருகிறது. கெடுதல் என்பதற்குத் திடமான சான்று நான் பார்த்ததில்லை. அறிவிப்பில் வேண்டாம். வகுப்பில் "இன்று எதை விட வேண்டும் என்று தோன்றுகிறதோ விடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்" என்று முதல் நாளே சொன்னால் போதும்.

நிதானமூச்சு

நான் மரபுப்படி வேண்டாம் என்றுதான் சொல்லித்தருகிறேன், சர்வாங்காசனத்துக்குப் பதில் சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கச் சொல்வேன். சான்று விஷயத்தில் எலும்புக்கூடு சொல்வதை மறுக்கமாட்டேன். அறிவிப்பில் வேண்டாம் என்பதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

முழங்காலம்மா

தம்பி, அந்த நாற்காலி எப்படிப்பட்டது? கைப்பிடி இருந்தால் பக்கவாட்டில் திரும்ப முடியாது, சக்கரம் வைத்தது என்றால் உட்காரும்போதே நகரும். பின்பக்கம் சாய்மானம் இருந்து, நாலு காலும் தரையில் அழுந்தி நிற்பதாக இருக்க வேண்டும். கேட்டுச் சொல்லுங்கள்.

வரிபிடிப்பவன்

அங்கே இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி அம்மா, கைப்பிடியோடு, வழவழப்பான தரையில். மாற்று நாற்காலி கிடைக்குமா என்று நாளைக்குக் கேட்கிறேன். கிடைக்கும் வரை அந்த "4 பேர்" வரியை எடுத்துவைக்கிறேன்.